கண்ணியின் நீளம்

பின்னி முடித்த ஒரு பருத்தி நூல் பையை எடுத்துக்கொள்வோம். அகலம் 30 சென்டிமீட்டர், ஒரே நிறம், குரோஷே ஊசியால் குட்டையான தையல்களை நெருக்கமாகப் போட்டுப் பின்னியது. அதன் முகப்பில் ‘பன்வில’ என்ற ஊர்ப்பெயரை எழுத வேண்டும். எழுத்துக்கு மேலே, ஊருக்குப் பின்னால் நிற்கும் நக்கிள்ஸ் மலையின் விளிம்பை ஒற்றைக் கோடாக வரைய வேண்டும். பை ஏற்கெனவே முடிந்துவிட்டதால், பின்னும்போதே நிறம் மாற்றி எழுத்தைக் கொண்டுவரும் வழி இனி இல்லை. மிஞ்சியிருப்பது முடிந்த துணியின் மேலேயே குரோஷே ஊசியால் கோடு இழுப்பது. பின்னுகிறவர்கள் இதை ‘மேற்பரப்பு ஸ்லிப் ஸ்டிச்’ என்கிறார்கள்.

செய்முறை சின்னது. நூல் எப்போதும் துணிக்குப் பின்புறம் இருக்கும், ஊசி எப்போதும் முன்புறம் இருக்கும். இரண்டு தையல்களுக்கு நடுவே இயல்பாகவே உள்ள துளையில் ஊசியை முன்னிருந்து பின்னுக்கு விட்டு, பின்னால் இடக்கை பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி, ஒரு கண்ணியாக மேலே இழுக்க வேண்டும். பிறகு அடுத்த துளையில் ஊசியை விட்டு, இன்னொரு கண்ணியை இழுத்து, அதை ஊசியில் ஏற்கெனவே கிடக்கும் கண்ணிக்குள்ளால் வெளியே எடுக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் முன்புறத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சங்கிலி ஓடும். பின்புறத்தில் துளைக்குத் துளை சிறு கோடுகள் மட்டும் தெரியும்.

கல்யாண ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறவர்கள் இதைப் படித்ததும் தங்கள் தொழில்தானே என்பார்கள். அமைப்பில் அது சரிதான். ஆரி ஊசியும் துணிக்கு அடியில் இருக்கும் நூலைக் கொக்கியால் மேலே இழுத்துக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோக்கிறது. கச்சில் மோச்சி என்ற தோல் தொழிலாளர் சமூகத்தின் கையில் வளர்ந்த வேலை அது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய ‘டாம்பூர்’ என்னும் சங்கிலித் தையலும் இந்திய, சீன வேலைகளைப் பார்த்து வந்தது என்பதே பொதுவான கருத்து. டாம்பூர் என்றால் பிரெஞ்சு மொழியில் முரசு. துணியை முரசுத் தோல்போல வளையத்தில் இறுக்கிக் கட்டித்தான் அந்த வேலையைச் செய்வார்கள். பின்னர் யாரோ துணியை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் காற்றில் கோக்கத் தொடங்கியதிலிருந்து குரோஷே பிறந்தது என்று பல கைவினை வரலாற்றாளர்கள் எண்ணுகிறார்கள். அச்சில் கிடைத்துள்ள மிகப் பழைய குரோஷே குறிப்புகள் 1823இல் ‘பெனெலோப்’ என்ற டச்சு இதழில் வந்தவை. அப்படிப் பார்த்தால், குரோஷே துணியின் மேல் ஸ்லிப் ஸ்டிச் போடுவது பிள்ளை தாய்வீட்டுக்குத் திரும்புவதுதான்.

ஆனால் ஆரிக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் குரோஷேக்காரருக்கு உண்டு. ஆரியில் துணி சட்டத்தில் இறுக்கமாக நிற்கும். அதை எந்தப் புள்ளியிலும் குத்தலாம். கண்ணி ஒன்றரை மில்லிமீட்டரா, இரண்டா என்பதைக் கை தீர்மானிக்கிறது. குரோஷே துணியிலோ துளைகள் முன்பே அமைந்துவிட்டன. ஒரு துளைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தைத் துணி தீர்மானிக்கிறது, நாம் தீர்மானிப்பது கண்ணியின் நீளத்தை மட்டும். இந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் எல்லாக் கோளாறுகளும் பிறக்கின்றன.

கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் பையில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் 20 தையல்களும், 10 சென்டிமீட்டர் உயரத்தில் 22 வரிசைகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அடுத்த துளை 5 மி.மீ. தள்ளி இருக்கிறது; மேல்நோக்கிப் போனால் சுமார் 4.5 மி.மீ. ஊசியின் தண்டைச் சுற்றிக் கிடக்கும் கண்ணியின் சுற்றளவு ஏறக்குறைய π d; d என்பது ஊசியின் விட்டம். அதைத் துணியின் மேல் படுக்க வைத்தால் இரண்டு கால்களாக மடிந்து, நீளம் அதில் பாதியாகும். 3 மி.மீ. ஊசியில் அது 4.7 மி.மீ. துளையோ 5 மி.மீ. தள்ளி இருக்கிறது. குறையும் நீளத்தைக் கண்ணி எங்கிருந்து எடுக்கும்? துணியைச் சுருக்கித்தான். ஒரு கண்ணிக்கு அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் ஐம்பது கண்ணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் போய்விடும். பை முகப்பில் கோட்டின் இருபுறமும் துணி அலை அலையாக எழுந்து நிற்கும்.

3.5 மி.மீ. ஊசியில் கண்ணி 5.5 மி.மீ. வருகிறது, 4 மி.மீ. ஊசியில் 6.3. கண்ணி துளையை எட்டினால் மட்டும் போதாது. அடுத்த கண்ணி அதற்குள் புகுந்து வளைவதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். ஆகவே கிடைக்கோட்டுக்கு 4 மி.மீ. ஊசி பொருந்துகிறது. பையை 3.5 மி.மீ. ஊசியில் பின்னியிருந்தால், கோட்டுக்கு ஓர் அளவு பெரிய ஊசி எடு என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். இது தோராயமான கணக்கு. நூல் மெத்தென்று இருந்தால் பக்கத்துக் கண்ணியிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும், இழுக்கும் கையின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். என்றாலும் எந்தப் பக்கம் பிழை வரும் என்பதை இந்தக் கணக்கு சரியாகவே காட்டிவிடும்.

இனி மலைக்கோட்டுக்கு வருவோம். தும்பறை என்றும் சொல்லப்படும் இந்த மலைத்தொடருக்கு ஆங்கிலேய நில அளவையாளர்கள் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தது, அதன் சிகரங்கள் மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போல் தெரிந்ததால். வரைவதற்கு அருமையான உருவம். உருண்ட மேடு, சட்டென்று ஒரு பள்ளம், மீண்டும் மேடு. ஆனால் மேட்டில் ஏறத் தொடங்கியதும் கோடு சரிவாகிறது. ஒரு துளை பக்கவாட்டில், ஒரு வரிசை மேலே என்று போனால் தூரம் 5 மி.மீ. இல்லை. பிதாகரஸ் சொல்லும் கணக்கில் அது 6.7 மி.மீ. 4 மி.மீ. ஊசி தரும் 6.3 மி.மீ. கண்ணிக்கு இது எட்டாது. நேர்கோட்டில் அழகாக வந்த அதே கை, அதே ஊசி, சரிவில் துணியைச் சுருக்குவது இதனால்தான். குரோஷே துணி மூலைவாட்டில் கூடுதலாக இழுபடும் என்பதால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது: போடும்போது துணி இழுபட்டுக் கொடுத்துவிடும், கையிலிருந்து விட்டதும் சுருங்கிக்கொள்ளும். போட்டு முடித்துக் கீழே வைத்த பிறகுதான் பிழை தெரியும்.

நீண்ட சரிவு என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் 5 மி.மீ. ஊசிக்கு மாறலாம். கண்ணி 7.9 மி.மீ. வரும், மிச்சம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். நான்கைந்து கண்ணிகளே சரிவு என்றால் ஊசியை மாற்றுவது வீண்வேலை. கண்ணியை இழுக்கும்போது ஊசியைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும். சரிவைச் செங்குத்தாக்க ஒரு துளை பக்கம், இரண்டு வரிசை மேலே என்று தாவக்கூடாது. அது 10 மி.மீ.க்கு மேல் போகும். அவ்வளவு நீளமான கண்ணி துணியில் படியாமல் தொங்கும், பேனா முனையோ விரல் நகமோ மாட்டி இழுத்துவிடும். ஒரு கண்ணி நேர்மேலே, அடுத்தது சரிவாக, மறுபடி நேர்மேலே என்று படி வைத்து ஏற வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் படிகள் தெரியாது.

பள்ளத்தில் சிக்கல் வேறு. இறங்கி வந்த கோடு அங்கே சட்டென்று திரும்பி ஏற வேண்டும். சங்கிலிக்குத் திடீர்த் திருப்பம் பிடிக்காது. திரும்பிய பிறகு போடும் கண்ணி, மூலையில் இருக்கும் கண்ணியின் தலையைத் தன் பக்கம் இழுத்துவிடும். கூர்மை மழுங்கிப் பள்ளம் கிண்ணமாகிவிடும். மூலைத் துளையிலேயே ஊசியை இன்னொரு முறை விட்டு, ஒரு சின்னக் கண்ணியைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு திரும்பினால் இழுப்பை அந்தக் கூடுதல் கண்ணி வாங்கிக்கொள்ளும், மூலை நிற்கும். அங்கே சிறு தடிப்பு தெரியும். பெரும்பாலும் அது உறுத்தாது. உறுத்தினால் கோட்டை மூலையிலேயே முடித்து, அதே துளையிலிருந்து புதிய கோடாகத் தொடங்குவதுதான் சுத்தமான வழி.

எழுத்துக்கு வருவோம். தாளில் திட்டம் போடாமல் தொடங்கினால் நான்காவது எழுத்துக்குப் பையில் இடம் இருக்காது. பள்ளிக்கூடச் சதுரக் கொப்பி இதற்கு நன்றாக உதவும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொப்பியில் கட்டம் சதுரம், பையில் கட்டம் 5க்கு 4.5. கொப்பியில் பார்த்துப் பார்த்து வரைந்த எழுத்து பையில் பத்தில் ஒரு பங்கு குள்ளமாகிவிடும். எனவே கொப்பியில் 10 கட்ட உயரம் வேண்டும் என்று தோன்றினால் 11 போட வேண்டும். 11 வரிசை என்பது துணியில் சரியாக 5 சென்டிமீட்டர்.

ஏன் 5 சென்டிமீட்டர்? சுழியால்தான். ‘ப’வுக்குச் சுழி இல்லை, இடக்கோடு, அடிக்கோடு, வலக்கோடு, இரண்டு மூலை. அதை எவ்வளவு சிறிதாகவும் எழுதலாம். ‘ன’வும் ‘வ’வும் ‘ல’வும் அப்படி இல்லை. துளைகள் வரிசையாக நிற்கும் துணியில் வட்டம் வரைய முடியாது, வட்டமாகத் தெரியும் எண்கோணம்தான் வரையலாம். மிகச் சிறிய நல்ல சுழிக்கு எட்டுத் துளைகள் வேண்டும்: மேலே ஒரு நேர்க்கண்ணி, கீழே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, நான்கு மூலையிலும் ஒவ்வொரு சரிவுக் கண்ணி. அது மூன்று கட்ட அகலமும் மூன்று வரிசை உயரமும் பிடிக்கும். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். அதைவிடச் சிறிதாக்கினால் நான்கு கண்ணிச் சாய்சதுரமாகிவிடும், சுழி என்று யாரும் வாசிக்க மாட்டார்கள். சுழி எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். அங்கிருந்துதான் நாலரை, ஐந்து சென்டிமீட்டர் என்ற கணக்கு வருகிறது. இலத்தீன் எழுத்துகளுக்காகப் போட்ட வெளிநாட்டு வரைபடங்களின் அளவை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத முயல்கிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

‘ப’வின் இடக்கோட்டை மேலிருந்து தொடங்கலாம்: கீழே 11 கண்ணி, அடியில் 9, மேலே 11, மூலைக்கு ஒவ்வொன்று கூடுதலாக, மொத்தம் 33. நேர்மேலாகப் போகும் கோட்டில் துளைகள் 4.5 மி.மீ. தூரத்திலேயே இருப்பதால் 4 மி.மீ. ஊசிக் கண்ணி சற்றுத் தொளதொளவென்று இருக்கும். இங்கே கையைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ள வேண்டும். பையைத் திருப்பித் திருப்பி வரிசையாகப் பின்னியிருந்தால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். திருப்பாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிய பையில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். துளைகளை நம்பி மேலே ஏறினால் ‘ப’ சாய்ந்து நிற்கும். தொடங்குமுன் ஒரு நூலில் கனமான எதையாவது கட்டித் தொங்கவிட்டு, அந்த நேர்கோட்டில் வெள்ளை நூலால் நீளத் தையல் ஓட்டி வைத்துக்கொண்டால், எந்த வரிசையில் ஒரு துளை பக்கம் தள்ள வேண்டும் என்பது தெரிந்துவிடும். சுண்ணக்கட்டிக் கோடு குரோஷே துணியில் நிற்காது.

‘ன’வை இடப்பக்கச் சுழியின் உள்ளிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக முடிக்கலாம். கோடு தன்னையே தொடும் இடத்தில் கவனம் வேண்டும். ஊசி பழைய கண்ணியின் நூலைக் குத்திவிடக்கூடாது. குத்தினால் இரண்டு கோடுகளும் சிக்கிக்கொள்ளும், பின்னால் பிரிக்கவும் முடியாது. பழைய கோட்டுக்கு அப்பால் இருக்கும் துளையில் ஊசியை விட்டுக் கண்ணியை இழுத்தால் புதிய கண்ணி பழையதின் மேல் படுத்துக் கடந்துவிடும். ‘ன்’ ஆவதற்கு மேலே புள்ளி வேண்டும். ஒற்றைக் கண்ணி புள்ளி ஆகாது, நெல்மணிபோல் நீளமாகத்தான் தெரியும். புள்ளிக்கு மட்டும் குரோஷே ஊசியை வைத்துவிட்டு, பெரிய காதுள்ள தையல் ஊசியால் பிரெஞ்சு முடிச்சு போடுவது நல்லது. நூலை மூன்று சுற்றுச் சுற்றினால் கோட்டின் தடிப்புக்கு ஈடாக இருக்கும். ‘வி’யில் வகரத்தின் வலக்கோடு மேலே ஏறி அப்படியே இகரக் கொக்கியாக வளைவதால் நடுவில் நூலை வெட்ட வேண்டியதில்லை. ‘ல’வும் ஒரே ஓட்டம்தான்.

எவ்வளவு நூல் வேண்டும்? முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கோடு, ஆக ஒரு கண்ணிக்கு 15 மி.மீ.; துணியின் தடிப்பை இரண்டு தரம் கடப்பதற்கு 5; வளைவுக்கு இரண்டு. மொத்தம் 22 மி.மீ., அதாவது கோட்டின் நீளத்தைப்போல் நாலரை மடங்கு. நான்கு எழுத்துக்கும் சேர்த்துச் சுமார் 185 கண்ணி என்றால் நாலு மீட்டர். ஒவ்வோர் எழுத்துக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் 15 சென்டிமீட்டர் வால் விட்டால் மேலும் 1.2 மீட்டர். புள்ளியையும் சேர்த்து ஐந்தரை மீட்டர் வைத்துக்கொண்டால் நடுவில் ஒட்டுப்போட வேண்டிவராது. அகலத்தில் எழுத்துகள் சுமார் 25 சென்டிமீட்டர் பிடிக்கும். 30 சென்டிமீட்டர்ப் பையில் இரு பக்கமும் போதிய இடம் மிஞ்சும்.

முடிவு வால் இந்த வேலையின் உயிர்நாடி. அரிசி, கோதுமை மா சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் சாக்கு திறந்துகொள்ளும்; மற்ற முனையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. நம் கோடும் அதே குடும்பம். ஒவ்வொரு கண்ணியையும் அதற்குப் பின் வந்த கண்ணிதான் பிடித்திருக்கிறது, கடைசிக் கண்ணியைப் பிடிக்க யாரும் இல்லை. அது நழுவினால் எல்லாமே தொடக்கம் வரை அவிழ்ந்துவிடும். கணிதப் பார்வையில், பூட்டாத சங்கிலியில் ஒரு முடிச்சுகூட இல்லை. நடுவில் நூல் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். அறுந்த இடத்துக்கு முந்திப் போட்ட பகுதிதான் அவிழும், பிந்திப் போட்டது நிற்கும். பார்தெலெமி தீமோனியே என்ற பிரெஞ்சுத் தையல்காரர் 1830இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் கொக்கி ஊசியால் இதே ஒற்றை நூல் சங்கிலியைத்தான் போட்டது. இராணுவச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அவருடைய இயந்திரங்களை, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையல்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினார்கள். அவர்கள் ஆத்திரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தையலுக்கும் இதே பலவீனம் உண்டு.

பூட்டுவது எளிது. கடைசிக் கண்ணிக்குள்ளால் நூலின் முனையை முழுவதும் வெளியே இழுத்து, கண்ணியின் தலைக்கு அப்பால் அதை ஒட்டிய இடத்தில் பின்புறம் இறக்க வேண்டும். அப்போது அந்தக் கண்ணியின் தலைமேல் நூல் ஒரு சின்னக் கடிவாளம் போட்டுவிடும். பிறகு பின்புறக் கோடுகளுக்கு அடியில் ஐந்து சென்டிமீட்டர் ஓட்டி, திசை மாற்றி இன்னொரு முறை ஓட்டி வெட்டலாம். மொரமொரப்பான கம்பளி நூல் உராய்விலேயே கொஞ்சம் நிற்கும். பளபளப்பான பருத்தி நூல் நிற்காது. அதில் திசை மாற்றி ஓட்டுவதைத் தவிர்க்கவே கூடாது.

கோடு துணியின் இழுபடும் தன்மையைக் கட்டிப்போடும் என்பது எழுத்துக்குத் தொல்லை, தோள்பட்டிக்கு வரம். குரோஷே பட்டி பாரம் ஏறினால் நீண்டு, பை முழங்காலில் வந்து இடிக்கும். பட்டியின் நீளவாக்கில் இரண்டு வரி ஸ்லிப் ஸ்டிச் சற்று இறுக்கமாகப் போட்டால் பாரத்தை அந்த வரிகள் தாங்கிக்கொள்ளும். கம்பளிச் சட்டையின் பின்கழுத்து தொய்யாமலிருக்கவும் இதே உத்தியைக் கையாளுகிறார்கள். குல்லாயின் விளிம்பில் மட்டும் இப்படிக் கோடு போடக்கூடாது, தலை நுழையாது.

பன்வில போன்ற மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலையூரில் துவைத்த பை மெல்லத்தான் காயும். அவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தால், சாயம் விடும் நூல் தன் நிறத்தைப் பக்கத்துத் துணிக்கு ஊறவிடும். வெள்ளைப் பையில் சிவப்புக் கோடு போடுமுன் சிவப்பு நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்கிடையில் வைத்து அழுத்தி, காயும் வரை விட்டுப் பார்க்க வேண்டும். கறை விழுந்தால் அந்த நூல் வேண்டாம். பையும் கோடும் ஒரே வகை நூலாக இருப்பதும் முக்கியம். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அக்ரிலிக் பெரும்பாலும் சுருங்காது. அக்ரிலிக் பையில் பருத்திக் கோடு போட்டால், அன்று சரியாக இருந்த கண்ணி நீளம் துவைத்தபின் குறைந்து, முகப்பு அலை எழும்பும்.

அலை லேசாக இருந்தால் பையை நனைத்து, தட்டையாக விரித்து, ஓரங்களை ஊசி குத்தி இழுத்து நிறுத்திக் காயவிட்டால் படிந்துவிடும். படியவில்லையென்றால் அந்த எழுத்தின் முடிவு வாலை அவிழ்த்து இழுத்துவிடலாம். ஊசி நூலைக் குத்தாமல் துளை வழியாகவே போய் வந்ததால், அடியில் இருக்கும் துணிக்கு எந்தச் சேதமும் இருக்காது. உருவிய நூலைச் சற்று நனைத்து நீவிவிட்டு, அதே துளைகளில் ஓர் அளவு பெரிய ஊசியால் மீண்டும் போட வேண்டியதுதான்.